ஊராட்சியில் 5 சதவீதப் பணம் எங்கே இருக்கிறது?

வணக்கம் ஐயா. எனக்கு 65 சதவீத இயக்கக் குறைபாடு. சக்கர நாற்காலியில் இருக்கிறேன். ஊராட்சியின் பட்ஜெட்டில் 5 சதவீதம் மாற்றுத்திறனாளிகளுக்குச் சட்டப்படி ஒதுக்கியாக வேண்டும் என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. அதைக் காட்டி ஊராட்சிச் செயலரிடம் கேட்டேன். "அப்படி ஒரு நிதியே கிடையாது, போங்கள்" என்று சொல்லிவிட்டார். வீடு கேட்டாலும், "நம் ஊருக்கு வந்ததே 12 வீடு, இதில் 5 சதவீதம் எங்கே வரும்" என்கிறார். போன வருடம் ஊராட்சி அலுவலகத்தில் ஒரு சாய்தளம் கட்டினார்கள். அதில் என்னால் ஏற முடியவில்லை. உண்மையில் எங்களுக்கென்று பணம் இருக்கிறதா? இருந்தால் அதை எப்படித் தெரிந்துகொள்வது?
— வாசகி, திருவண்ணாமலை மாவட்டம்

உங்கள் செயலர் சொன்னது பாதி சரி. வாட்ஸ்அப் செய்தியும் பாதி சரி. மகாராஷ்டிரத்தில் உள்ளாட்சி அமைப்புகள் மாற்றுத்திறனாளிகளுக்காக 5 சதவீதம் ஒதுக்க வேண்டும் என்று அரசாணை இருக்கிறது. கேரளத்திலும் உள்ளாட்சிகளின் திட்ட நிதியில் இதற்கென்று பங்கு உண்டு. அந்தச் செய்திகள் மொழி மாறி, மாநிலப் பெயர் உதிர்ந்து நம்மிடம் வந்து சேர்கின்றன. தமிழ்நாட்டில் நீங்கள் பிடித்துக்கொள்ள வேண்டியது மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016-இன் 37-வது பிரிவு. வீடு ஒதுக்கீட்டிலும், வறுமை ஒழிப்பு மற்றும் வளர்ச்சித் திட்டங்கள் அனைத்திலும் 40 சதவீதத்துக்குக் குறையாத குறைபாடு உள்ளவர்களுக்கு 5 சதவீத ஒதுக்கீடு என்கிறது அந்தப் பிரிவு. பெண்களுக்கு முன்னுரிமையும் தருகிறது. அதாவது, ஊராட்சியின் கணக்கில் தனியாக முடிந்துவைத்த பணம் என்று ஒன்று இல்லை. ஒவ்வொரு திட்டத்துக்குள்ளும் உங்கள் பங்கு கலந்திருக்கிறது. "5 சதவீத நிதி எங்கே" என்று கேட்டால் "இல்லை" என்ற பதில்தான் வரும். அந்தப் பதிலைப் பொய் என்றும் சொல்ல முடியாது. நீங்கள் கேட்க வேண்டியது, இந்தத் திட்டத்தில் எத்தனை பேருக்குக் கொடுத்தீர்கள், அதில் மாற்றுத்திறனாளிகள் எத்தனை பேர் என்பதை.

மாத உதவித்தொகையையும் ஸ்கூட்டரையும் இதோடு சேர்க்காதீர்கள். அவை மாற்றுத்திறனாளிகள் நலத்துறை வழியாக வருபவை, ஊராட்சி நிதி அல்ல. அந்தத் துறையிலிருந்து உதவி பெறுகிறீர்கள் என்பதால் இங்கே உங்கள் பங்கு குறையாது.

இப்போது அந்த 12 வீடுகளுக்கு வருவோம். பன்னிரண்டில் 5 சதவீதம் என்றால் 0.6. ஒரு வீடுகூட வரவில்லை என்று செயலர் கைவிரிக்கிறார். பக்கத்து ஊராட்சிக்கு 9 வீடு, அங்கேயும் அதே பதில். அதற்கடுத்த ஊரில் 15 வீடு, அங்கும் முக்கால். ஓர் ஒன்றியத்தில் 40 ஊராட்சிகளுக்குச் சேர்த்து 480 வீடுகள் வந்தன என்று வைத்துக்கொள்வோம். ஒன்றிய அளவில் கூட்டினால் 24 வீடுகள் மாற்றுத்திறனாளிகளுக்குப் போயிருக்க வேண்டும். ஊர் ஊராகக் கணக்குப் போட்டால் ஒன்றுமே வராது. என் அனுபவத்தில் இந்தப் பங்கு காணாமல் போவது பெரும்பாலும் திருட்டால் அல்ல, இந்தப் பின்னக் கணக்கால்தான். சட்டம் "திட்டத்தில் 5 சதவீதம்" என்கிறதே தவிர, "ஒவ்வோர் ஊராட்சியிலும் 5 சதவீதம்" என்று சொல்லவில்லை. ஆகவே உங்கள் கேள்வி ஊராட்சியோடு நிற்கக் கூடாது, வட்டார வளர்ச்சி அலுவலகத்துக்குப் போக வேண்டும்.

தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் மனு எழுதி, 10 ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, "பொதுத் தகவல் அலுவலர், வட்டார வளர்ச்சி அலுவலகம்" என்று முகவரியிட்டு ஒப்புகையுடன் விரைவுத் தபாலில் அனுப்புங்கள். தகவல் வேறு அலுவலகத்தில் இருந்தால், 6(3) பிரிவின்படி ஐந்து நாளுக்குள் அவர்களே மனுவை மாற்றி அனுப்ப வேண்டும். எழுத முடியாதவர் வாய்மொழியாகச் சொன்னால் அதை எழுத்தில் கொண்டுவர உதவுவதும் அந்த அலுவலரின் கடமை.

மனுவில் "ஏன் எனக்கு வீடு கொடுக்கவில்லை" என்று எழுதினால், அது தகவல் அல்ல என்று ஒரே வரியில் திருப்பிவிடுவார்கள். "5 சதவீதம் கொடுத்தீர்களா" என்று கேட்டாலும், இல்லாத கணக்கைப் போட்டுத் தர வேண்டியதில்லை என்பார்கள். உச்ச நீதிமன்றமும் அப்படித்தான் சொல்லியிருக்கிறது. எனவே காகிதத்தைக் கேளுங்கள்: "2024-25-ஆம் ஆண்டில் கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் எங்கள் ஒன்றியத்துக்கு நிர்ணயித்த இலக்கைக் காட்டும் ஆணையின் நகல்; ஊராட்சி வாரியாக அதைப் பிரித்த ஆணையின் நகல்; நிர்வாக அனுமதி வழங்கிய ஆணைகளின் நகல்; பயனாளிகளில் மாற்றுத்திறனாளிகள் என்று குறிக்கப்பட்டோரின் எண்ணிக்கையைக் காட்டும் பதிவேட்டின் நகல்." நான்காவது காகிதம்தான் உயிர்நாடி. "அப்படிப் பதிவேடு பராமரிக்கப்படவில்லை" என்று பதில் வந்தால் மனம் சோர வேண்டாம். 5 சதவீதத்தை யாருமே எண்ணிப் பார்க்கவில்லை என்று அவர்களே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததாகத்தான் அதற்குப் பொருள். பிறகு மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர் முன்னால் அந்த ஒரு தாள் போதும்.

பயனாளிகளின் பெயர், ஆதார், மருத்துவச் சான்று எதையும் கேட்காதீர்கள். தனிநபர் தகவல் தொடர்பான 8(1)(ஜே) விலக்கு 2025 நவம்பரிலிருந்து முன்னைவிட இறுக்கமாகிவிட்டது. பெயர் கேட்ட ஒரு வரியைச் சாக்காக வைத்து மனு முழுவதையும் நிராகரிப்பார்கள். உங்களுக்கு வேண்டியது எண்ணிக்கை, பெயர் அல்ல.

முப்பது நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டாலோ, வந்தது மழுப்பலாக இருந்தாலோ, அடுத்த முப்பது நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதுங்கள். அதிலும் பலனில்லை என்றால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். அங்கே வழக்கு எடுக்கப்படத் தாமதமாகும் என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஆனால் முதல் மேல்முறையீட்டிலேயே காகிதங்கள் வந்துவிடுவதையும் நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஒரு எச்சரிக்கை. 5 சதவீதம் என்பது தகுதியுள்ளவர்களுக்குள் பங்கு. குடிசை, பட்டா போன்ற திட்டத்தின் அடிப்படைத் தகுதிகளை அது தள்ளுபடி செய்யாது. வீட்டுமனைப் பட்டா உங்கள் பெயரிலோ குடும்பத்தார் பெயரிலோ இல்லை என்றால் முதலில் அந்த வேலையைத் தொடங்குங்கள்.

சாய்தளத்தின் கதை வேறு. இங்கே பணம் ஒதுக்கியாயிற்று, செலவும் ஆகிவிட்டது. எதற்குச் செலவானது என்பதுதான் கேள்வி. egramswaraj.gov.in தளத்தில் மாநிலம், மாவட்டம், ஒன்றியம், ஊராட்சி என்று தேர்ந்தெடுத்தால் ஆண்டுத் திட்டத்தில் உள்ள பணிகளும், நிதிக்குழு மானியத்திலிருந்து செய்த பட்டுவாடாக்களும் தெரியும். கடவுச்சொல் எதுவும் வேண்டாம். அந்தப் பணி அங்கே இருந்தால் தொகையைக் குறித்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் ஊராட்சியின் பொது நிதியிலிருந்தோ வேறு திட்டத்திலிருந்தோ செய்திருக்கலாம். அதற்கு கிராம சபையில் வைக்கப்படும் வரவு செலவு அறிக்கையான படிவம் 30-ஐப் பாருங்கள். இப்போது ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அந்த அறிக்கையைக் கேட்பதற்கு நீங்கள் அந்த ஊர் வாக்காளர் என்பதே போதும். கூட்டம் நடக்கும் இடத்துக்குச் சக்கர நாற்காலி போக முடியாது என்றால், இடத்தை மாற்றும்படி ஒரு வாரம் முன்பே எழுத்தில் கொடுத்துவிடுங்கள்.

தொகை தெரிந்த பிறகு கேட்க வேண்டியது அந்தப் பணியின் மதிப்பீடும் அளவுப் புத்தகத்தின் பக்கங்களும். எம் புக் என்று அலுவலகத்தில் சொல்வார்கள். பொறியாளர் அளந்து எழுதிய நீளம், அகலம், உயரம் அதில்தான் இருக்கும், பில் போடுவதும் அதை வைத்துத்தான். பிறகு ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு போங்கள். ஓர் அடி ஏற வேண்டுமானால் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும் என்பது சாய்தளத்துக்கான அளவுகோல். அலுவலக வாசல் தரையிலிருந்து இரண்டு அடி உயரம் என்றால் சாய்தளம் 24 அடி நீளம் இருக்க வேண்டும், இரு பக்கமும் கைப்பிடி வேண்டும். அங்கே இருப்பது எட்டு அடி என்றால், நாலடிக்கு ஓர் அடி ஏற்றம். சக்கர நாற்காலி பின்னால் கவிழும். உங்களால் ஏற முடியாததற்குக் காரணம் பெரும்பாலும் அதுதான்.

இங்கே இரண்டில் ஒன்று தெரிய வரும். அளவுப் புத்தகத்தில் 24 அடி, தரையில் எட்டு அடி என்றால் அது போலிப் பில். புத்தகத்திலும் எட்டு அடியே என்றால் முறைகேடு இல்லை, ஆனால் மதிப்பீடு போட்ட நாளிலேயே சட்டத்தை மீறியாயிற்று. முதலாவதற்கு மாவட்ட ஆட்சியரிடம் போங்கள். ஊராட்சிகளின் ஆய்வாளர் என்ற அதிகாரம் அவருக்கு உண்டு. திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் அளவுப் புத்தக நகலையும், டேப் வைத்து எடுத்த படத்தையும் இணைத்து மனு கொடுத்து, மனு எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டாவதற்குச் சென்னையில் உள்ள மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர். பொதுக் கட்டடங்களை எல்லோரும் புழங்கும்படி மாற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 45-வது பிரிவு கொடுத்த ஐந்தாண்டுக் கெடு 2022 ஜூனில் முடிந்துவிட்டது. இந்த விஷயத்தில் கட்டாயமான தரநிலைகள் வேண்டும் என்று 2024 நவம்பரில் ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

ஆணையருக்கு அதிகாரிகளை அழைத்து விசாரிக்கவும் ஆவணங்களைக் கொண்டுவரச் சொல்லவும் உரிமையியல் நீதிமன்றத்துக்குரிய அதிகாரம் இருக்கிறது. ஆனால் அவர் தருவது பரிந்துரை. அதன் மீது என்ன நடவடிக்கை என்று மூன்று மாதத்துக்குள் அந்த அலுவலகம் அவருக்குத் தெரிவிக்க வேண்டும், ஏற்கவில்லை என்றால் காரணமும் சொல்ல வேண்டும். அந்தக் காரணம் வலுவில்லாமல் இருந்தாலோ, பதிலே வராவிட்டாலோ, உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட வழி திறக்கிறது. வீட்டு ஒதுக்கீட்டையும் சாய்தளத்தையும் ஒரே மனுவில் கலக்க வேண்டாம். முதலாவதற்கு ஒன்றியம் பதில் சொல்ல வேண்டும், இரண்டாவதற்கு ஊராட்சி.

வக்கீல் கட்டணத்துக்குப் பயந்து நிறுத்திவிடாதீர்கள். சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-வது பிரிவின்படி மாற்றுத்திறனாளிக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச வழக்கறிஞர் உண்டு. உங்கள் வட்டச் சட்டப் பணிகள் குழு பெரும்பாலும் தாலுகா நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும். போகும்போது அடையாள அட்டையின் நகல், தபால் ஒப்புகைகள், வந்த பதில்கள் எல்லாவற்றையும் தேதி வரிசையில் அடுக்கிக் கொண்டுபோங்கள்.