ஸ்கேன் ரிப்போர்ட்டில் 'லீஷன்' என்றால் புண்ணா?

கேள்வி: அம்மாவின் சிடி ஸ்கேனில், ஈரலில் 1.2 செ.மீ. 'ஹைப்போடென்ஸ் லீஷன்' என்று போட்டிருக்கிறது. அகராதியில் லீஷன் என்றால் புண். காரத்தை நிறுத்திவிட்டோம், சரிதானே?

பதில்: இதற்காகக் காரத்தை நிறுத்த வேண்டியதில்லை. ஈரலில் ஓர் இடம் மற்ற இடத்தைப் போல இல்லை, அவ்வளவுதான் லீஷன் என்பதற்கு அர்த்தம். என்னவென்று அந்தச் சொல் சொல்லாது. வீட்டில் 'ஈரல்ல ஒரு இடம் வித்தியாசமா தெரியுது' என்றால் போதும். ஹைப்போடென்ஸ் என்றால் சுற்றியுள்ள ஈரலைவிடக் கறுப்பாகத் தெரிகிறது. ஈரல் மெலிந்துவிட்டதாக அர்த்தமில்லை.

ரிப்போர்ட்டில் 'ஹெச்.யு.' என்று ஓர் எண் இருக்கிறதா பாருங்கள். படத்தில் ஓர் இடம் எவ்வளவு கறுப்பு, எவ்வளவு வெளுப்பு என்பதற்கான அளவு அது. தண்ணீருக்கு 0. ஊசிமருந்து ஏற்றாத நல்ல ஈரலுக்கு ஏறக்குறைய 50, 60. அம்மாவுடையது 0 முதல் 20க்குள் இருந்து, ஓரம் வழவழப்பாக, மருந்து ஏற்றிய பிறகும் எண் கூடாமல் இருந்தால் பெரும்பாலும் அது சாதாரண நீர்க்கட்டி. எண் கூடினால் கதை வேறு. மேற்கொண்டு பார்க்கச் சொல்வார்கள். 1 செ.மீ.க்கும் சின்னதாக இருந்தால் இந்த எண்ணையே முழுசாக நம்ப முடியாது, பக்கத்து ஈரலும் அதில் கலந்துவிடும்.

கேள்வி: லீஷன் சாதாரணம், மாஸ் என்றால் கேன்சர். சரிதானே?

பதில்: அப்படியில்லை. மாஸ் என்பது இடத்தை அடைத்து நிற்கும் கட்டி. கேன்சரா என்பது அதில் இல்லை. லீஷனும் கேன்சராக இருக்கலாம். நுரையீரலில் 3 செ.மீ. வரை நாட்யூல், அதற்கு மேல் மாஸ். அங்கே பெரிதாக இருந்தால் சந்தேகம் கூடும், உண்மைதான். கருப்பையில் 6 செ.மீ. மாஸ் கேன்சர் இல்லாத தசைக்கட்டியான வெறும் ஃபைப்ராய்டாக இருக்கலாம்.

கேள்வி: ஆஸ்பத்திரியில் ரிப்போர்ட் விளக்குவது என் வேலை. 'கட்டி' என்றாலே அழுகிறார்கள். அதனால் 'சதை வளர்ச்சி' என்கிறேன்.

பதில்: வேண்டாம் அம்மா. மூக்கில் வளரும் சதை மாதிரி என்று நினைத்து, பயாப்ஸிக்கு வராமல் இருந்துவிடுவார்கள். 'கட்டி மாதிரி இருக்கு, என்ன கட்டின்னு பார்க்கணும்' என்று ஒரே மூச்சில் சொல்லுங்கள்.

மறுபடியும் அவர்: முதல் பாதியோடு காது அடைத்துவிடுகிறதே, டாக்டர்! கிராமத்துப் பெரியவர்கள் கட்டி என்றால் சீழ்க்கட்டி என்று பற்றுப் போடப் போகிறார்கள்.

பதில்: அதை மறுக்க முடியாது. ஆனாலும் 'சதை வளர்ச்சி'க்கு நான் சம்மதிக்க மாட்டேன். வேறு சொல் வைத்திருப்பவர்கள் எழுதுங்கள்.

கேள்வி: கணையம் 'அன்ரிமார்க்கபிள்'. மொழிபெயர்ப்பில் 'குறிப்பிடத்தக்கதல்ல' என்று வருகிறது. சரியாகப் பார்க்கவில்லையா?

பதில்: பார்த்தார்கள், சொல்லும்படி ஒன்றுமில்லை. தெரியாமல் போயிருந்தால் 'வாயு மறைத்தது' என்று தனியாக எழுதுவார்கள்.

கேள்வி: மேமோகிராமில் 'டென்சிட்டி சி'. கைக்குக் கெட்டியாக எதுவும் தட்டுப்படவில்லையே?

பதில்: கைக்குத் தட்டுப்படுவது வேறு, இது வேறு. படத்தில் சுரப்பித் திசு வெள்ளை, கொழுப்பு கறுப்பு. வெள்ளை அதிகமென்றால் சி. நோயில்லை. கட்டியும் வெள்ளையாகவே தெரிவதால் அதற்குள் ஒளிந்துகொள்ளலாம். அல்ட்ராசவுண்டும் வேண்டுமா என்று டாக்டரைக் கேளுங்கள்.

கேள்வி: அப்பாவுக்குக் கிட்னியில் லீஷன். புண் ஆற என்ன சாப்பிடலாம்?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள். அகராதியை மூடிவிட்டு, ரிப்போர்ட்டின் கடைசியில் 'இம்ப்ரெஷன்' என்று இருப்பதை அப்படியே எழுதி அனுப்புங்கள்.