ஒரு நாள் தாமதம் ஐந்து நாளான கதை: கிரிட்டிக்கல் பாத் கேள்வி பதில்

கேள்வி: அண்ணே, சைட்ல ஜூனியரா சேர்ந்து ரெண்டு மாசம் ஆகுது. ஒரு வேலை ஒரு நாள் லேட்டானா பிளானிங் மேனேஜர் கத்துறார், இன்னொண்ணு ஒரு வாரம் லேட்டானாலும் கண்டுக்கவே மாட்டேங்கிறார். என்ன கணக்கு இது?

பதில்: எங்களிடம் ஒரு பெண் ஜூனியர் கோஆர்டினேட்டராகச் சேர்ந்த புதிதில் நடந்ததைச் சொல்கிறேன், கணக்கு அதிலேயே இருக்கிறது. தரைத்தளத்துக்கு மேல் நான்கு மாடி, முதல் ஸ்லாப் சனிக்கிழமை கான்கிரீட் போட வேண்டும். செவ்வாய்க்குள் அடிக்கம்பி கட்டி முடிப்பது, புதன் எலக்ட்ரீஷியன் ஃபேன் பாக்ஸ் வைத்து பைப் ஓட்டுவது, வியாழன் மேல்கம்பி, வெள்ளி காலை ஸ்ட்ரக்சுரல் கன்சல்டன்ட் வந்து பார்ப்பது, சனி கான்கிரீட். இதுதான் திட்டம்.

அந்த வாரம் அவருக்கு இரண்டு போன் வந்தன. ஜன்னல் ஃப்ரேம் ஆறு நாள் தாமதம் என்று ஒன்று, ஃபேன் பாக்ஸ் செவ்வாய் மாலைக்குப் பதில் புதன் மாலைதான் வரும் என்று இன்னொன்று. ஆறு பெரிய எண் இல்லையா, அவர் ஜன்னல்காரரைப் பிடித்து உலுக்கி எடுத்துவிட்டார், தினமும் இரண்டு மெயில். ஃபேன் பாக்ஸுக்கு "சரி, நாளைக்கு அனுப்புங்க" என்று வைத்துவிட்டார்.

பாக்ஸ் புதன் மாலை வந்தது. பைப் வேலை வியாழன், மேல்கம்பி வெள்ளி என்று நகர்ந்தது. வெள்ளி காலை கன்சல்டன்ட் வந்தபோது மேல்கம்பி பாதிகூட ஆகவில்லை, அவர் பார்க்காமலே திரும்பிவிட்டார். அவர் எங்கள் சைட்டுக்கு செவ்வாயும் வெள்ளியும் மட்டும்தான் வருவார், ஆகவே அடுத்த செவ்வாய். அவர் பார்த்துச் சரி என்ற பிறகு புதன்கிழமை கான்கிரீட் போடலாம் என்றால் ரெடிமிக்ஸ்காரர் பம்ப் அன்றைக்கு வேறு சைட்டுக்குப் போகிறது என்றார். கடைசியில் வியாழக்கிழமைதான் போட்டோம். போனில் ஒரு நாள், தரையில் ஐந்து நாள். அந்த ஸ்லாப் மேல் நிற்க வேண்டிய தூண்கள், இரண்டாவது ஸ்லாப் எல்லாம் அதே ஐந்து நாள் பின்னால் போயின.

ஜன்னல் என்ன ஆனது? ஒன்றும் ஆகவில்லை. ஸ்லாபின் முட்டு எடுத்து, செங்கல் கட்டு முடிந்து, அதன் பிறகுதான் ஃப்ரேம் வேண்டும், அதற்கு இரண்டு மாதத்துக்கு மேல் இருந்தது. அந்த ஆறு நாளை அந்த இரண்டு மாத இடைவெளி விழுங்கிவிட்டது. உங்கள் மேனேஜர் பார்ப்பது எத்தனை நாள் தாமதம் என்பதை அல்ல, அந்த வேலைக்குப் பின்னால் எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்பதை. (கத்தாமலும் இதைச் சொல்லலாம், அது வேறு விஷயம்.)

கேள்வி: செலவு அதிகமான பெரிய வேலைகள்தானே சார் கிரிட்டிக்கல்? லிஃப்ட், ஜெனரேட்டர் மாதிரி. ஃபேன் பாக்ஸ் எல்லாம் அதில் எப்படி வரும்?

பதில்: பாதி சரி. லிஃப்ட் மாதிரி ஆர்டர் கொடுத்து பல மாதம் காத்திருக்க வேண்டியவை பல சைட்டுகளில் அந்தப் பாதையில் வந்து உட்காரும். ஆனால் அது விலையால் அல்ல, காத்திருக்கும் காலத்தால். ஒன்று முடிந்தால்தான் அடுத்தது என்று கோத்துக்கொண்டே போகும் சங்கிலிகளில் எது மிக நீளமோ அதுதான் கிரிட்டிக்கல் பாத். அதில் இருக்கும் வேலை ஒரு நாள் வேலையாக இருக்கலாம், மொத்த பில்லில் கண்ணுக்கே தெரியாத பொருளாகவும் இருக்கலாம். அந்த ஃபேன் பாக்ஸை செவ்வாய் இரவே டவுனில் ஒரு எலக்ட்ரிகல் கடையில் கூடுதல் விலை கொடுத்து வாங்கியிருக்கலாம். அந்தக் கூடுதல் விலை, தாமதத்தை ஈடுகட்ட நாங்கள் பிறகு கட்டிய சென்டரிங் சாமான் வாடகையில் ஒரு மூலைக்குக்கூடக் காணாது.

கேள்வி: அந்த அஞ்சு நாளை எப்படிப் பிடிச்சீங்க? ஆளைக் கூட்டிப் போட்டா முடிஞ்சிடுமே.

பதில்: மூன்று நாள் பிடித்தோம், இரண்டு நாள் போனது போனதுதான். தூண் கம்பிக்கு இரண்டு செட் ஆள் போட்டதில் ஒரு நாள் கிடைத்தது. மற்ற இரண்டு நாள் சென்டரிங் சாமானிலிருந்து வந்தது. எங்களிடம் ஒரே ஒரு செட் இருந்தது, கீழே கழற்றினால்தான் மேலே அடிக்க முடியும். ஆள் எத்தனை பேர் வந்தாலும் இது மாறாது. கான்கிரீட்டுக்கான இந்தியத் தரவிதி ஐ.எஸ். 456 கணக்குப்படி சாதாரண சிமென்டில், தாங்கும் இடங்களுக்கு நடுவே 4.5 மீட்டருக்கு மேல் உள்ள ஸ்லாபுக்கு முட்டு குறைந்தது 14 நாள் நிற்க வேண்டும். தகட்டை 3 நாளில் எடுக்கலாம், ஆனால் முட்டை உடனே திரும்ப நிறுத்திவிட வேண்டும். எங்கள் ஹால் பக்கம் 4.5 மீட்டரைத் தாண்டும். ஒரு மேஸ்திரி "பத்து நாள்ல எடுத்துடலாம், ஒண்ணும் ஆகாது" என்றார். விடவில்லை. பாதி செட் சாமான் வாடகைக்கு எடுத்து, கீழ் முட்டைத் தொடாமலே மேலே அடிக்க ஆரம்பித்தோம்.

கேள்வி: கடைசியில் எலக்ட்ரிகல் கான்ட்ராக்டர் பில்லில் பிடிச்சீங்களா இல்லையா?

பதில்: இன்னும் இழுத்துக்கொண்டிருக்கிறது. இரண்டு படுக்கையறையில் ஃபேன் பாயின்ட்டை மாற்றிய டிராயிங் திங்கட்கிழமைதான் கையில் கிடைத்தது, பாக்ஸ் எண்ணிக்கையே அதற்குப் பிறகுதான் தெரிந்தது என்கிறார். ஆர்க்கிடெக்ட் வெள்ளியே மெயில் போட்டேன் என்கிறார். மெயில் போயிருக்கிறது, எலக்ட்ரிகல்காரருக்கு காப்பி போகவில்லை. யார் பக்கம் நியாயம் என்று என்னைக் கேட்டால் ஆளுக்குப் பாதி என்பேன், எங்கள் பில்லிங் ஆள் ஒத்துக்கொள்ள மாட்டார்.

கேள்வி: நான் வாங்கிய ஃப்ளாட் எட்டு மாதம் தாமதம். பில்டர் கிரிட்டிக்கல் பாத் என்று ஏதோ சொல்லி சமாளிக்கிறார். நான் என்ன செய்வது?

பதில்: அது அவருடைய உள் கணக்கு, உங்களுக்குத் தேவையில்லை. ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும் ஒப்படைப்புத் தேதியைப் பாருங்கள். 2016 ரெரா சட்டம் 18ஆவது பிரிவின்படி, ஃப்ளாட் வேண்டும் என்று நீங்கள் தொடர்ந்தால் தாமதமாகும் ஒவ்வொரு மாதத்துக்கும் வட்டி கேட்கலாம், வேண்டாம் என்றால் பணத்தை வட்டியோடு திரும்பக் கேட்கலாம். மேற்கொண்டு வக்கீலிடம் போங்கள்.

கேள்வி: எங்க ஷெட்யூல்ல Total Float எல்லா வேலைக்கும் 40, 60ன்னு காட்டுது, கிரிட்டிக்கலே ஒண்ணும் இல்ல. நல்ல நிலைமைதானே?

பதில்: சந்தேகப்படுங்கள். Total Float என்பது நான் முதலில் சொன்ன அந்த இடைவெளிதான். முடிக்க வேண்டிய தேதியை ரொம்பத் தள்ளிக் கொடுத்திருந்தால் எல்லாவற்றுக்கும் தாராளமாகத்தான் காட்டும். ஷெட்யூல் போடும் பிரைமவேரா மென்பொருளில் Longest Path என்று மாற்றிப் பாருங்கள், சங்கிலி வெளியே வரும். அதுவும் விட்டுவிட்டுத் தெரிந்தால் வேலைகளுக்கு நடுவே இணைப்பு போடாமல் விட்டிருக்கிறீர்கள். எங்கள் ஷெட்யூலிலும் இது இருந்தது: கன்சல்டன்ட் வருகை ஒரு வேலையாகவே இல்லை, மேல்கம்பியிலிருந்து நேராக கான்கிரீட்டுக்கு ஒரு கோடு. ஆகவே ஃபேன் பாக்ஸ் ஒரு நாள் தாமதம் என்று போட்டால் கணினி கான்கிரீட்டை ஒரே ஒரு நாள்தான் தள்ளும். அந்தப் பெண் அடுத்த ஸ்லாபுக்கு கன்சல்டன்ட் வருகையைத் தனி வரியாகப் போட்டு, செவ்வாயும் வெள்ளியும் மட்டும் வேலை நாளாக உள்ள தனி காலண்டரை அதற்குக் கொடுத்தார். பம்ப் புக்கிங்குக்கும் ஒரு வரி. இப்போது புதன்கிழமை எதையாவது ஒரு நாள் தள்ளிப் பார்த்தாலே கான்கிரீட் அடுத்த வாரத்துக்குத் தாவுவது திரையிலேயே தெரிகிறது. ஜன்னல்காரருக்கு இப்போது மாதம் ஒரு மெயில்தான் போகிறது.