சிலாப் கான்கிரீட் இறுகலாக இருப்பதாகச் சொல்லி மேஸ்திரி தண்ணீர் கூட்டுகிறார். வைப்ரேட்டர் போடத்தானே போகிறோம், இதனால் பலம் குறையுமா?

குறையும். வைப்ரேட்டர் கலவையில் சிக்கிய காற்றை வெளியேற்றுமே தவிர, மிகுதியான தண்ணீரை வெளியேற்றாது.

சிமெண்ட் முழுமையாக வினைபுரிய, அதன் எடையில் ஏறத்தாழ 40 விழுக்காடு தண்ணீர் போதும். அதற்கு மேல் ஊற்றுவதெல்லாம் கலவை இளகி ஓடுவதற்காகத்தான். அந்தத் தண்ணீர் பின்னர் காய்ந்து போகும்போது, அது இருந்த இடம் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகளாகக் கான்கிரீட்டுக்குள் நிலைத்துவிடுகிறது. தளத்தின் பலம் குறைவதற்கும், மழைநீர் உள்ளே இறங்கிக் கம்பி துருப்பிடிப்பதற்கும் அந்தத் துளைகளே வழி.

ஒரு கணக்கைப் பாருங்கள். நீர்-சிமெண்ட் விகிதம் 0.5 என்றால் 50 கிலோ மூட்டைக்கு 25 லிட்டர் தண்ணீர். அந்த மூட்டைக்குச் சேரும் 75 கிலோ மணலில் 4 விழுக்காடு ஈரம் இருந்தால், அதுவே 3 லிட்டர். ஆகவே 22 லிட்டர்தான் ஊற்ற வேண்டும். ஈரத்தைக் கழிக்காமல் 25 லிட்டர் ஊற்றி, இறுகலாக இருக்கிறதென்று இன்னும் 5 லிட்டர் கூட்டினால், மொத்தம் 33 லிட்டராகி விகிதம் 0.66 ஆகிவிடும். சிமெண்டைப் பொறுத்துச் சற்றே மாறினாலும், கிடைக்க வேண்டிய பலத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்கு இதனால் போய்விடும். மணலின் ஈரத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை என்பதுதான் எனக்குப் பெரிய வருத்தம்.

தண்ணீர் மிகுந்த கலவையில் வைப்ரேட்டரை ஓட்டுவது இன்னும் கெடுதல். ஜல்லி கீழே இறங்கிவிடும். சிமெண்ட் பாலும் நீரும் மேலே மிதந்து, காய்ந்தபின் விரலால் தேய்த்தாலே தூளாக உதிரும் மெல்லிய படலமாக நிற்கும்.

சரியான கலவை குவித்தால் சரிந்து ஓடாமல் நிற்கும். ஆனால் வைப்ரேட்டரின் முனையிலுள்ள நீடில் பட்டதும் இளகிக் கம்பிகளுக்கிடையே இறங்கும். நீடிலைச் சட்டென்று இறக்கி, 5 முதல் 15 விநாடி வைத்திருந்து, குழி மூடிக்கொள்ளும் வேகத்தில் மெதுவாக இழுக்க வேண்டும். 40 மில்லிமீட்டர் நீடிலென்றால் சுமார் 30 சென்டிமீட்டருக்கு ஓரிடமாகப் போட்டு வரலாம். தளம் மெல்லியதாக இருப்பதால், நீடிலின் தலை முழுவதும் கலவைக்குள் அமிழும்படி சாய்த்துச் செலுத்துங்கள். பெரிய குமிழிகள் வருவது நின்று, மேற்பரப்பில் மெல்லிய பளபளப்பு படர்ந்தால் அந்த இடம் முடிந்தது. நீடிலைக் கொண்டு கலவையை ஓரத்துக்குத் தள்ளக் கூடாது. ஜல்லி ஒருபுறமும் சாந்து ஒருபுறமும் பிரிந்துவிடும்.

இத்தனைக்குப் பிறகும் கலவை உண்மையிலேயே இறுகலாக இருந்தால், தண்ணீர் கூட்டாமலே கலவையை இளக்கும் பிளாஸ்டிசைசரை, அதன் தயாரிப்பாளர் குறிப்பிட்ட அளவில் சேர்க்கச் சொல்லுங்கள். அது கிடைக்காவிட்டால், தண்ணீரோடு அதே விகிதத்தில் சிமெண்டையும் கூட்ட வேண்டும்: 2 லிட்டர் தண்ணீருக்கு 4 கிலோ சிமெண்ட்.