'எப்படி இருக்கீங்க?' என்றதும் ஏன் வைத்துவிடுகிறார்கள்?

வாட்டர் சாஃப்ட்னர் விற்கும் கம்பெனியில் டெலிகாலர் நான். 'சார், எப்படி இருக்கீங்க?' என்று மரியாதையாகத்தான் ஆரம்பிக்கிறேன். 'வேண்டாம்மா' என்று உடனே வைத்துவிடுகிறார்கள். அதில் என்ன தப்பு?
— பி.டி.எம். லேஅவுட் வாசகி

தமிழில் அது தெரிந்தவர்கள் கேட்கிற கேள்வி. அத்தை கேட்பார், பழைய ஆபீஸ் நண்பர் கேட்பார். அதனால் காதில் விழுந்ததும் எதிர்முனைக்காரர், 'யார் குரல் இது, கல்யாணத்தில் பார்த்தோமோ?' என்று நினைவைத் துழாவ ஆரம்பிக்கிறார். 'நல்லா இருக்கேன், நீங்க யாரு?' என்று தயங்கித் தயங்கிக் கேட்கிறார். நீங்கள் கம்பெனி பெயரைச் சொன்னதும், துழாவியதெல்லாம் வீண் என்று தெரிகிறது. கோபம் சாஃப்ட்னர் மேல் இல்லை, தெரிந்தவர் மாதிரி பேசி ஏமாற்றியதன் மேல்.

ஒரு காலத்தில் இது பலித்ததும் உண்மைதான். டேனியல் ஹோவர்ட் என்ற அமெரிக்க ஆய்வாளர் டெக்சஸில் செய்த சோதனை 1990-ல் வெளியானது. ஏழைகளுக்கு உணவு கொடுக்க பிஸ்கட் விற்க வரலாமா என்று போனில் நேரடியாகக் கேட்டபோது 100-க்கு 18 பேர் சரி என்றார்கள். முதலில் நலம் விசாரித்து, பதிலைக் கேட்டுக்கொண்டு, பிறகு கேட்டபோது 32 பேர். 'நல்லா இருக்கேன்' என்று வாயால் சொன்ன பிறகு, கஷ்டப்படுபவருக்கு இல்லை என்று சொல்ல மனம் வராது. ஆனால் அது தர்மக் காரியம். உங்களுடையது வியாபாரம். அதோடு, இன்று அந்த வரியைக் கேட்டதுமே 'லோன் கால்' என்று கண்டுபிடித்துவிடுகிறார்கள்.

சரி, என்ன சொல்வது? யார், எதற்காக, நம்பர் எங்கே கிடைத்தது. இந்த மூன்றும் முதல் மூச்சிலேயே வந்துவிட வேண்டும். அபார்ட்மென்ட் கேட்டில் ஸ்டால் போட்டு நம்பர் வாங்கியிருந்தால் இப்படிப் பேசிப் பாருங்கள்:

'வணக்கம் சார், கவிதா பேசுறேன், வாட்டர் சாஃப்ட்னர் கம்பெனியிலிருந்து. ஞாயித்துக்கிழமை உங்க அபார்ட்மென்ட் கேட்டுல ஸ்டால் போட்டிருந்தோம், நம்பர் எழுதிக் கொடுத்தீங்க. குழாயில வெள்ளையா உப்புப் படியுதுன்னு சொன்னீங்களே, எல்லா பாத்ரூம்லயும் அப்படியா?'

இதிலும் கடைசியில் கேள்விதான் இருக்கிறது. ஆனால் அவர் தன் வீட்டுக் குழாயைப் பற்றிப் பதில் சொல்லலாம். போர்வெல் தண்ணீரோ டேங்கர் தண்ணீரோ வருகிற வீட்டில் அதைப் பற்றிப் பேச ஆளுக்குப் பஞ்சமே இருக்காது. 'இல்லம்மா, ஃபில்டர் போட்டாச்சு' என்றால் நன்றி சொல்லி வைத்துவிடுங்கள், இரண்டு பேருக்கும் நேரம் மிச்சம்.

விலைக்கு வாங்கிய லிஸ்ட் என்றால் ஸ்டால் கதையைக் கட்டாதீர்கள். 'இது விற்பனைக் கால்தான் சார், அரை நிமிஷம் பேசலாமா?' என்று கேட்டுவிடுங்கள். பாதிப் பேர் 'வேண்டாம்' என்பார்கள். அந்த லிஸ்ட்டின் யோக்கியதை அவ்வளவுதான்.

ஸ்கிரிப்ட்டில் 'ஹவ் ஆர் யூ' இருக்கிறது, சொல்லாவிட்டால் குவாலிட்டியில் மார்க் குறைக்கிறார்கள்.
— மாரத்தஹள்ளி வாசகர்

டீம் லீடரிடம் வாதாடாதீர்கள், ஒரு வாரம் அனுமதி கேளுங்கள். ஒரே லிஸ்ட்டை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குப் பழைய வரி, மறுபாதிக்குப் புதியது. இரண்டையும் ஒரே நேரத்தில் கூப்பிட வேண்டும். காலையில் ஒன்று, மாலையில் இன்னொன்று என்றால் கணக்கு கெட்டுவிடும். பிறகு 30 விநாடியைத் தாண்டிய கால்களை எண்ணுங்கள், டயலரிலேயே அந்த நேரம் பதிவாகியிருக்கும். ஒரு நாள் எண்ணிக்கையை வைத்து முடிவு கட்ட வேண்டாம். நலம் விசாரித்தே தீர வேண்டும் என்றால் பெயரும் காரணமும் சொன்ன பிறகு கேளுங்கள், அங்கே அது அவ்வளவு உறுத்தாது.

பழைய கஸ்டமரிடமாவது கேட்கலாமா?
— அல்சூர் வாசகர்

தாராளமாக. ஆனால் அவரை ஞாபகம் வைத்திருப்பது தெரியட்டும். 'ஏப்ரல்ல மாட்டின மெஷின் எப்படி ஓடுது? உப்பு போட்டீங்களா?' என்பதே நல்ல நலம் விசாரிப்பு. நான் சேல்ஸில் இருந்தபோது ஒருவரிடம் வெறுமனே 'எப்படி இருக்கீங்க சார்' என்றேன். 'மெஷின் ரெண்டு மாசமா ஓடலை, நான் எப்படி இருப்பேன்?' என்றார். கம்ப்ளெய்ன்ட் பார்க்காமல் கூப்பிட்டது என் தப்பு.

என் அப்பா இந்தக் கேள்விக்கு ஊர்க் கதையெல்லாம் சொல்கிறார். எப்படி நிறுத்துவது?
— ஜெயநகர் வாசகி

'யார் பேசுறீங்க, எங்கேயிருந்து?' என்று முதலில் அவரைக் கேட்கச் சொல்லுங்கள். நேர்மையான ஆள் உடனே சொல்லிவிடுவார். முறைப்படி பதிவு செய்த கம்பெனிகளின் விளம்பரக் கால்கள் 140-ல் தொடங்கும் எண்ணிலிருந்து வரும். சாதாரணப் பத்து இலக்க எண்ணிலிருந்து விற்க வந்தால் அப்போதே சந்தேகப்படலாம். 1909-க்குக் கூப்பிட்டு விளம்பரக் கால் வேண்டாம் என்று பதிந்துவிடுங்கள், புகாரும் அங்கேயே கொடுக்கலாம். அப்பாவிடம் ஊர்க் கதையை நீங்கள் கேளுங்கள்.