கிளிக் பாதியானது ஏன்? முதலில் தீபாவளியைக் கழித்துப் பாருங்கள்

கேள்வி: வெள்ளவத்தையில் எங்கள் குடும்பத்துக்குச் சாறிக் கடை இருக்கிறது. கடையின் இணையத்தளத்தை நான்தான் பார்க்கிறேன். 2025 தீபாவளிக்குப் பிறகு கூகுளில் இருந்து வருபவர்கள் கிட்டத்தட்டப் பாதியாகக் குறைந்துவிட்டார்கள். "சீசன் முடிந்துவிட்டது, அவ்வளவுதான்" என்கிறார் அப்பா. தளத்தைச் செய்து தந்தவரோ எழுத்தின் தரம் போதாது, எல்லாப் பக்கங்களையும் திருப்பி எழுத வேண்டும் என்கிறார். யார் சொல்வது சரி? கூகுள் தேடலில் தளம் எப்படிப் போகிறது என்று காட்டும் சர்ச் கன்சோலின் எண்களை எக்செல் கோப்பாக இணைத்திருக்கிறேன்.

பதில்: அப்பா சொல்வது பெரும்பாலும் சரி. மீதி தொழில்நுட்பக் கோளாறு. எழுத்தின் தரம் இதில் மிகச் சிறிய பங்கு, அதுவும் சந்தேகமே. எப்படி இந்த முடிவுக்கு வந்தேன் என்று சொல்கிறேன். அடுத்த முறை நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

தளத்துக்கு வருபவர்களை எண்ணும் அனலிட்டிக்ஸிலும் சர்ச் கன்சோலிலும் ஒரே நாட்களில் குறைந்திருப்பதால், அளக்கும் நிரல் கழன்றுவிட்டதோ என்ற சந்தேகத்தை முதலிலேயே விட்டுவிடலாம். அனலிட்டிக்ஸில் மட்டும் குறைந்திருந்தால் அங்கேதான் தேட வேண்டும்.

அடுத்தது சீசன். இங்கேதான் பலருக்கும் சறுக்கும். போன வருடத்தின் அதே தேதிகளோடு ஒப்பிட்டால் நம் பண்டிகைகளுக்குக் கணக்கு பிழைத்துவிடும். 2024 இல் தீபாவளி ஒக்டோபர் 31, 2025 இல் ஒக்டோபர் 20. ஒக்டோபர் 21 முதல் நவம்பர் 17 வரையிலான காலத்தை இரண்டு வருடங்களிலும் எடுத்தால், போன வருடக் கணக்கில் தீபாவளிக்கு முந்திய பத்து நாள் கூட்டமும் சேர்ந்துகொள்ளும். விழுந்தது உண்மையில் இருப்பதைவிடப் பெரிதாகத் தெரியும். நோன்புப் பெருநாளுக்கும் இதே சிக்கல்தான். ஆகவே தேதியை விட்டுவிட்டு, பண்டிகையை நடுவில் வைத்து முன் 28 நாள், பின் 28 நாள் என்று பிரியுங்கள். சர்ச் கன்சோலில் 16 மாதத் தரவு இருப்பதால் போன வருடத்துக்கும் இதைச் செய்யலாம்.

உங்கள் கோப்பில் அப்படிப் பிரித்தபோது, 2024 இல் தீபாவளிக்கு முன் 4,000 கிளிக், பின் 2,800. அதாவது நல்ல நிலையில் இருந்த வருடத்திலேயே 30 சதவீதம் விழுந்திருக்கிறது. 2025 இல் முன் 4,600. அதே 30 சதவீதத்தைக் கழித்தால் பின் 3,220 இருக்க வேண்டும். இருப்பது 2,490. சீசனுக்குக் கணக்கில் வராத குறைவு 730 கிளிக். நாம் தேட வேண்டியது இதை மட்டும்தான்.

ஒரு எச்சரிக்கை. வருடத்துக்கு வருடம் ஒப்பிடும்போது கிளிக்கை மட்டும் நம்புங்கள், தேடலில் தளம் எத்தனை தடவை காட்டப்பட்டது என்று சொல்லும் இம்ப்ரெஷனை வேண்டாம். ஒரே பக்கத்தில் 100 முடிவுகளைக் காட்டும் வசதியைக் கூகுள் 2025 செப்டெம்பரில் நிறுத்தியது. அதன் பிறகு கிளிக் குறையாமலே பல தளங்களுக்கு இம்ப்ரெஷன் சரிந்தது.

சரி, அந்த 730 எங்கே போனது? மொத்தத் தொகையைப் பார்த்துக்கொண்டிருந்தால் இது தெரியவே தெரியாது. தளத்தைப் பக்கக் கூட்டங்களாகப் பிரிக்க வேண்டும். உங்கள் தளத்தில் மூன்று இருக்கின்றன: ஆங்கிலச் சாறிப் பக்கங்கள், `/ta/` என்று தொடங்கும் தமிழ்ப் பக்கங்கள், வலைப்பதிவு. ஆங்கிலப் பக்கங்களுக்கு முன் 2,900. சீசனைக் கழித்தால் 2,030 வர வேண்டும், 2,020 வந்திருக்கிறது. அங்கே ஒரு குறையும் இல்லை. வலைப்பதிவுக்கு 280 எதிர்பார்த்தால் 240. தமிழ்ப் பக்கங்களுக்கு முன் 1,300, எதிர்பார்ப்பு 910, வந்தது வெறும் 230. 730 இல் 680 இங்கேதான் போயிருக்கிறது.

சீசன் இப்படி ஒரு மொழியை மட்டும் பிடித்துத் தாக்காது. தரப் பிரச்சினையும் ஒரே சாறிகளை விற்கும் இரண்டு மொழிப் பக்கங்களில் ஒன்றைத் துடைத்துவிட்டு மற்றதைத் தொடாமல் போவது அபூர்வம். தமிழ்ப் பக்கங்களின் நாள்வாரிக் கோட்டைப் பாருங்கள்: ஒக்டோபர் 24 வரை வழமைபோல், பிறகு ஒவ்வொரு நாளும் ஒரு படி இறங்கி, பத்து நாளில் பூச்சியத்தை ஒட்டிவிட்டது. பக்கங்களைக் கூகுள் ஒவ்வொன்றாகத் திரும்ப வந்து படித்து, அட்டவணையில் இருந்து நீக்கும்போது கோடு இப்படித்தான் இறங்கும். ஒரே நாளில் செங்குத்தாக விழுந்திருந்தால் சேர்வர் முடக்கம் போன்ற வேறு ஒன்றை நினைத்திருப்பேன்.

பக்கத்தை அட்டவணையில் சேர்க்காதே என்று கூகுளுக்குச் சொல்லும் `noindex` கட்டளை பக்கத்தின் மூலநிரலில் இருக்கிறதா என்று தேடினேன், இல்லை. ஆனால் அதே கட்டளை சேர்வர் அனுப்பும் ஹெடரிலும் இருக்கலாம். அது மூலநிரலில் தெரியாது. பலர் இந்த இடத்தில்தான் "தொழில்நுட்பத்தில் ஒன்றும் இல்லை" என்று முடித்துவிடுவார்கள். உங்கள் முகவரியைப் போட்டு இதை டெர்மினலில் ஓட்டிப் பாருங்கள்:

```
curl -sI https://www.example.com/ta/ | grep -i x-robots-tag
```

உங்கள் தளத்துக்கு எனக்குக் கிடைத்த பதில்:

```
x-robots-tag: noindex
```

தமிழ்ப் பகுதியின் புதிய வடிவமைப்பை ஒக்டோபர் 22 அன்று ஏற்றியதாகக் கோப்பின் ஓரத்தில் குறித்திருக்கிறீர்கள். சோதனைத் தளத்தைக் கூகுள் பார்க்காமல் இருக்கப் போட்டிருந்த அமைப்பு அப்படியே நேரடித் தளத்துக்கும் வந்திருக்க வேண்டும். சர்ச் கன்சோலில் Page indexing பகுதியைத் திறந்தால் Excluded by ‘noindex’ tag என்ற வரியில் இந்தப் பக்கங்கள் வரிசையாக நிற்கும்.

தளம் செய்தவரை முழுதாகக் குறை சொல்லவும் முடியாது. தேடல் முடிவுகளில் தளத்தின் மொத்தச் சராசரி இடம் 6.2 இல் இருந்து 7.6 ஆக இறங்கியதைப் பார்த்துவிட்டுத்தான் தரத்தைச் சொல்லியிருப்பார். பார்வைக்கு அது தரப் பிரச்சினை மாதிரியேதான் இருக்கும். ஆனால் தமிழில் போட்டி குறைவு, உங்கள் தமிழ்ப் பக்கங்கள் மூன்றாம் இடத்துக்குப் பக்கத்தில் நின்றன. அவை மறைந்ததும் பின்வரிசைப் பக்கங்கள் மட்டும் மிஞ்சி, சராசரி தானாக இறங்கிவிட்டது. ஆங்கிலப் பக்கங்களை மட்டும் பிரித்தால் 7.8, இப்போது 7.9. எதுவும் அசையவில்லை.

உண்மையான தரச் சரிவு வேறு மாதிரி இருக்கும். பக்கம் அட்டவணையில் இருக்கும், அந்தத் தேடலை மக்கள் தேடிக்கொண்டும் இருப்பார்கள், உங்கள் இடம் மட்டும் மூன்றில் இருந்து எட்டு, ஒன்பது என்று நழுவும். கடைப் பெயரைப் போட்டுத் தேடுவோர் குறைய மாட்டார்கள். பல நேரம், தேடல் வரிசையைக் கூகுள் பெரிதாக மாற்றும் கோர் அப்டேட் நாட்களை ஒட்டித் தொடங்கும். 2025 இல் ஜூன் 30 தொடங்கி ஜூலை 17 இல் முடிந்த அப்டேட்டோடு உங்கள் ஒக்டோபர்ச் சரிவைப் பொருத்த முடியாது. இடம் அசையாமல் கிளிக் மட்டும் குறைந்தால், விளம்பரமோ கூகுளே மேலே தரும் பதிலோ கிளிக்கை எடுத்துக்கொள்கிறது. அது சீசன், தொழில்நுட்பம், தரம் என்ற மூன்றிலும் சேராது.

இப்போது செய்ய வேண்டியது: ஹெடரை நீக்கச் சொல்லுங்கள். அவசரத்தில், கூகுள் எந்தப் பக்கங்களைப் படிக்கலாம் என்று சொல்லும் robots.txt கோப்பில் `/ta/` ஐத் தடுத்துவிட வேண்டாம். தடுத்தால் noindex நீங்கியதைக் கூகுள் வந்து பார்க்கவே முடியாது. நீக்கியதும் மேலே உள்ள கட்டளையை மறுபடி ஓட்டுங்கள், ஒன்றும் வராமல் இருக்க வேண்டும். பிறகு URL Inspection இல் முக்கியமான சில பக்கங்களுக்கு மட்டும் Request Indexing கொடுத்து, சைட்மேப்பை மீண்டும் சமர்ப்பியுங்கள். சில பக்கங்கள் சில நாளில் திரும்பும், மற்றவற்றுக்குச் சில வாரங்கள் ஆகலாம்.

அதுவரை எதையும் திருப்பி எழுத வேண்டாம். இரண்டையும் ஒன்றாகச் செய்தால் எது வேலை செய்தது என்று தெரியாது. வலைப்பதிவின் 40 கிளிக், 28 நாளில் சும்மாவே ஏறி இறங்கும் அளவுதான். தமிழ்ப் பக்கங்கள் திரும்பிய பிறகு வலைப்பதிவின் தேடல்களை மட்டும் இடவாரியாகப் பாருங்கள். நழுவிய தேடல்கள் நாலைந்து பதிவுகளில் குவிந்திருந்தால், அந்தப் பதிவுகளை மட்டும் எடுத்து, இப்போது முன்னே நிற்பவர் எதைக் கூடுதலாகச் சொல்லியிருக்கிறார் என்று பாருங்கள்.