ஐ.என்.ஆர். 2.1 இருந்தும் இரத்தக்கட்டி எப்படி?

"அப்பாவுக்கு சிரோசிஸ். ஐ.என்.ஆர். 2.1, இரத்தம் உறையாதுன்னு சொன்னாங்க. இப்ப டாப்ளர் ஸ்கேன்ல போர்ட்டல் வெயின்ல கட்டின்னு, இரத்தம் உறையாம தடுக்கிற ஹெப்பாரின் ஊசி போடச் சொல்றாங்க. முரணா இல்லையா?"

முரண் பரிசோதனையில்தான் இருக்கிறது. இரத்தத்தை உறையவைக்கும் புரதங்களில் பெரும்பாலானவற்றைக் கல்லீரல்தான் செய்கிறது. உறைதலுக்குக் கடிவாளம் போடும் புரோட்டீன் சி, ஆன்டித்ராம்பின் போன்றவையும் அங்கேதான் உருவாகின்றன. சிரோசிஸில் கல்லீரல் தழும்பேறிச் சுருங்கும்போது இரண்டு பக்கமும் குறைகிறது. ஆனால் ஐ.என்.ஆர். கணக்கிடப்படும் புரோத்ராம்பின் நேரம் என்ற உறைதல் பரிசோதனை முதல் பக்கத்தை மட்டுமே அளக்கும். புரோட்டீன் சி வேலைசெய்ய இரத்தக்குழாயின் உட்சுவரில் உள்ள த்ராம்போமாடுலின் என்ற புரதம் வேண்டும். சோதனைக் குழாயில் அது கிடையாது. அதனால் கடிவாளம் தளர்ந்தது அறிக்கையில் தெரியாது. ஐ.என்.ஆர். கணக்கே, இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுபவர்களுக்காக வந்ததுதான்.

இதோடு, இரத்தக்குழாய்ச் சுவரில் உருவாகும், உறையவைக்கும் எட்டாம் காரணி சிரோசிஸில் குறைவதில்லை, கூடும். இறுகிய கல்லீரலுக்குள் நுழையமுடியாமல், குடலிலிருந்து கல்லீரலுக்கு வரும் போர்ட்டல் வெயினில் இரத்தம் மந்தமாக நகரும். தேங்கினால் கட்டும்.

சிலர் ஐ.என்.ஆரைக் குறைக்க பிளாஸ்மா ஏற்றச் சொல்வார்கள். எண் சற்றே இறங்கலாம், ஆனால் ஏறும் திரவம் போர்ட்டல் அழுத்தத்தைக் கூட்டும்.

இரத்தக்கசிவு பயமும் பொய்யல்ல. அது பெரும்பாலும் உணவுக்குழாயில் புடைத்த இரத்தக்குழாய்கள் அழுத்தத்தால் வெடிப்பதால் வருவது. எனவே மருத்துவரிடம் முதலில் கேளுங்கள்: எண்டோஸ்கோபி பார்த்தாயிற்றா, தட்டணுக்கள் எவ்வளவு? ஊசி தொடங்கியபின் மலம் தார்போல் கறுத்தாலோ, இரத்த வாந்தி வந்தாலோ, உடனே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.