புரோட்டான் கூடியும் பொட்டாசியம் ஏன் பெரியது?

“தனிம அட்டவணையில் சோடியத்திலிருந்து பொட்டாசியம் என்று கீழே போகப் போக புரோட்டான் கூடுதே, அப்போ கரு இன்னும் இறுக்கி இழுத்து அணு சின்னதாகத்தானே வேண்டும்?”

கருவின் முழு மின்சுமையும் கடைசி எலக்ட்ரானுக்குப் போய்ச் சேர்வதில்லை. உள்கூடுகளில் இருக்கும் எலக்ட்ரான்கள் அதில் பெரும்பகுதியை மறைத்துவிடுகின்றன. எவ்வளவு என்பதை ஸ்லேட்டர் விதியால் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

சோடியத்தில் 11 புரோட்டான்கள். கடைசி எலக்ட்ரான் 3s-இல் இருக்கிறது. அதற்கு அடுத்த உள்கூட்டில் உள்ள 8 எலக்ட்ரான்கள் ஒவ்வொன்றும் 0.85 அளவும், அதற்கும் உள்ளே இருக்கும் 2 எலக்ட்ரான்கள் ஒவ்வொன்றும் முழுதாக 1 அளவும் மறைக்கும்:

11 − (8 × 0.85 + 2 × 1) = 2.2

பொட்டாசியத்தில் கடைசி எலக்ட்ரான் 4s-இல்:

19 − (8 × 0.85 + 10 × 1) = 2.2

பார்த்தீர்களா, எட்டு புரோட்டான் கூடியும் இழுப்பு மாறவே இல்லை! கூடவே வந்த எட்டு எலக்ட்ரான்கள் அதை ஈடுகட்டிவிட்டன. ஆனால் கடைசி எலக்ட்ரான் மூன்றாம் கூட்டிலிருந்து நான்காம் கூட்டுக்குப் போய்விட்டது. அதே இழுப்பு, இன்னும் வெளியே உள்ள கூடு. அதனால்தான் உலோக ஆரம் 186 பிகோமீட்டரிலிருந்து 227 ஆகிறது.

சரி, உங்கள் சந்தேகம் உண்மையாகவே பலிக்கும் இடம் ஒன்று உண்டு. அலுமினியம் 143, அதற்குக் கீழே உள்ள கேலியம் 135 பிகோமீட்டர்தான். இடையில் நிரம்பிய பத்து 3d எலக்ட்ரான்கள் கருவைச் சரியாக மறைப்பதில்லை. அங்கே கூடுதல் புரோட்டான்களின் இழுப்பு ஜெயித்துவிடுகிறது. தேர்வில் இந்த விதிவிலக்கை விரும்பிக் கேட்பார்கள்.